துணி சுற்றிய வளையல்

எங்கள் மகள் பிறந்து ஐம்பது நாள் வரைக்கும் அவளுக்குக் கண் தெரியவில்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெற்றவள் எனக்கே தெரியாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டுபிடித்தவளைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால், பக்கத்திலேயே இருந்தும் கண்டுபிடிக்காத முட்டாளைப் பற்றியும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

கண்டுபிடித்தவள் என் புருஷனின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பி வந்தவள். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்கு முப்பது இருக்கும். மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் வீடும் அவள் பொறுப்பு, வயலில் பாதியும் அவள் பொறுப்பு. வெள்ளைச் சேலை, மொட்டைக் கை, மொட்டைக் கழுத்து. நடந்து வந்தால் காற்று வந்த மாதிரி இருக்கும், ஒரு சத்தம் கேட்காது. பின்னால் வந்து நின்று எத்தனையோ தடவை என்னைப் பதற வைத்திருக்கிறாள்.

எங்கள் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். காலை நீட்டிப் போட்டு, பிள்ளையை அதில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கைப் பிடித்துவிட்டு, வெந்நீர் ஊற்றினால் வீறிட்டு அழுகிற பிள்ளை கூட அப்படியே கிறங்கிப்போகும். அதே பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று அவளைக் கூப்பிட மாட்டார்கள். யாராவது வெளியூர் கிளம்பினால் அவள் எதிரே வந்துவிடக் கூடாது. இந்தக் கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது வரவில்லை. அப்போது நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

சுதந்திரம் வருவதற்குப் பத்து வருஷம் முந்தி, ஒரு வைகாசியில் என் மகள் பிறந்தாள். எங்களுக்கு முதல் பிள்ளை. நல்ல நிறம், நல்ல எடை, பசித்தால் மட்டும் அழுவாள். நான் அறைக்குள் வந்தால் உடனே தலையைத் திருப்புவாள். என் மாமனார் வந்தாலும் திருப்புவாள், அவர் இருமிக்கொண்டேதான் வருவார். பக்கத்து வீட்டுக்காரி வந்தாலும் திருப்புவாள். மதினி வந்தால் மட்டும் திரும்ப மாட்டாள். தொட்டிலுக்கு நேர் மேலே அவள் குனிந்து நின்றாலும் பிள்ளை எங்கேயோ கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி இதைக் கவனித்துவிட்டாள். “பிள்ளைக்கே தெரியுது பாரு, எந்த மூஞ்சிய பாக்கணும், எத பாக்கக் கூடாதுன்னு” என்றாள். மதினி அங்கேயேதான் நின்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பெரிய சிரிப்பு இல்லை, வாயை மூடிக்கொண்டு ஒரு சின்னச் சிரிப்பு. மதினி அதைப் பார்த்தாள். வெந்நீர்ப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றைக்கு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள், அல்லது என்னை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். மதினி இரண்டையும் செய்யவில்லை. மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டும்போது என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன், பயப்படாத. நான் இந்தத் தெருவுல முப்பது பிள்ளைக்கு மேல குளிப்பாட்டியிருக்கேன். நாப்பது நாள் தாண்டுனா எல்லாப் பிள்ளையும் என் மூஞ்சிய உத்துப் பாக்கும். வாயப் பொளந்துகிட்டுச் சிரிக்கும். பிள்ளைகளுக்கு அறுதலி மூஞ்சி, சுமங்கலி மூஞ்சின்னு ஒண்ணும் தெரியாது. இவ மட்டும் ஏன் பாக்கல?”

“உங்கள மட்டுந்தான் பாக்க மாட்டேங்கா மதினி. என்னப் பாக்காளே” என்றேன். என் பேச்சில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

“உன்னப் பாக்காளா, உன் வளையலப் பாக்காளா?”

எனக்குப் புரியவில்லை. என் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் டஜன் கணக்கில் கிடந்தது. வளைகாப்பில் போட்டது. கையை அசைத்தால் அறை முழுக்கக் கேட்கும். கழற்றிவிட்டு வா என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் பதறுவேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பழைய வேட்டியைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, அவளே என் இரண்டு கை வளையலையும் சுற்றி இறுக்கக் கட்டினாள். மெட்டி தரையில் தட்டாமல் இருக்கக் கால்விரலிலும் ஒரு துண்டு சுற்றினாள். “பால் வாடைய வச்சும் பிள்ளை கண்டுபிடிச்சிரும். காத்து அங்கன இருந்து வருது, நீ இங்கன நின்னு எட்டிப் பாரு. வாயத் திறக்காத” என்றாள்.

நான் தொட்டிலுக்கு மேலே குனிந்தேன். என் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் ஒரு முழம் கூட இருக்காது. தலையை இப்படி ஆட்டினேன், அப்படி ஆட்டினேன். சிரித்தேன். புருவத்தை உயர்த்தினேன். என் மகள் என்னைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டு விரலைச் சப்பினாள். ஒரு மரக்கட்டையைப் பார்க்கிற பார்வை கூட அதில் இல்லை. “பாப்பா” என்று வாய்விட்டுக் கத்தினேன். உடனே சட்டென்று என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அன்று மத்தியானமே மதினி சன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கினாள். கொஞ்ச நேரம் பிள்ளையை அந்த இருட்டிலேயே வைத்திருந்துவிட்டுச் சன்னலை ஒரு விரல்கடை திறந்து பக்கவாட்டில் இருந்து பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். இருட்டில் கருமணி அகன்றிருந்தது. அதற்குள், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சொட்டுப் பாலை விட்ட மாதிரி வெள்ளை. இரண்டு கண்ணிலும். வெளிச்சத்தில் கருமணி கடுகு போலச் சுருங்கிவிடுவதால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

“அப்பாவுக்கு இருந்துச்சே, அதேதான்” என்றாள் மதினி.

என் மாமனாருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் கண்புரை எடுத்திருந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். முதலில் போனபோது இன்னும் முத்தவில்லை, முத்தட்டும் என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். ஒரு வருஷம் கழித்து எடுத்தார், பார்வை பளிச்சென்று வந்துவிட்டது. அதிலிருந்து கண் விஷயத்தில் ஊரில் அவர்தான் பாதி டாக்டர். யாருக்குக் கண் மங்கினாலும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பேத்திக்குப் புரை என்றதும் அவர் கொஞ்சம் கூட அசரவில்லை.

“இதுக்கு ஏன் ஒப்பாரி வைக்கீங்க? முத்தட்டும். பச்சப்பிள்ளை, ஐம்பது நாள் ஆகுது, அதுக்குள்ள கத்தியா? ஒரு வருசம் போகட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்.”

என் புருஷன் அப்பா பேச்சைத் தட்டாதவர். தலையை ஆட்டினார். நானும் ஒரு வருஷம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மதினிதான் நடுக்கூடத்தில் வந்து நின்றாள். அப்பா எதிரே அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

“அப்பா, உங்களுக்கு அறுபது வருசம் நல்லாப் பாத்த கண்ணு. இவ இன்னும் ஒண்ணையும் பாக்கவே இல்ல. ரெண்டும் ஒண்ணா? நாத்து முத்திட்டா நடவுக்கு ஆகுமா? இப்ப வயல்ல நாத்துப் புடுங்குதாங்க. ஒரு வருசம் கழிச்சு நடுவோம்னு நீங்க விடுவீங்களா?”

“வயலும் கண்ணும் ஒண்ணாட்டி?”

“எனக்குத் தெரியாது. தெரிஞ்சவர்ட்ட கேப்போம். உங்களுக்குப் பண்ணுனாரே, அந்த டாக்டர் சீசனுக்குக் குத்தாலம் வந்திருக்காராம். மூணு மைல்தான்.”

“ஒருத்தரும் போகக் கூடாது” என்று சொல்லிவிட்டு மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடவுக்குப் போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் மதினி பார்த்தாள். பிறகு தம்பியிடம் “வண்டியப் பூட்டுலே” என்றாள். என் புருஷன் திருதிருவென்று விழித்தார். “நீ பூட்டுதியா, நானே பூட்டட்டுமா?” என்று கேட்டாள். பூட்டினார்.

வெளியூர் கிளம்புகிற வண்டி என்றால் வழக்கமாக மதினி கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அன்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் கை வைத்தாள். எனக்கும் உள்ளுக்குள் திக் திக் என்றுதான் இருந்தது. மதினி யாரையும் பார்க்கவில்லை, சாரல் மேலே விழாமல் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டாள்.

டாக்டரை நாங்கள் பிடித்த கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அருவிக்குப் போக உச்சி முதல் கால் வரை எண்ணெய் தேய்த்து, இடுப்பில் ஒரு துண்டோடு, தங்கியிருந்த பங்களா வராந்தாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மதினி படிக்கட்டின் நடுவில் போய் நின்றுவிட்டாள். “ஐயா, பிள்ளை கண்ணப் பாத்துட்டுக் குளிக்கப் போங்க.”

“அம்மா, நான் லீவில் இருக்கிறேன். திருநெல்வேலிக்குக் கொண்டுவாருங்கள்.”

“உங்களுக்கு லீவு ஐயா. பிள்ளை கண்ணுக்கு லீவு உண்டா, இல்லையான்னு எனக்குத் தெரியாது. அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய்ச் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். தலையிலிருந்து எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. பிள்ளை கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்தார். கருமணி நன்றாக விரிந்ததும் ஒரு சின்னக் கண்ணாடியால் விளக்கு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் திருப்பிப் பார்த்தார். நல்ல கண்ணென்றால் உள்ளேயிருந்து சிவப்பாகத் தெரியுமாம், இவளுக்குத் தெரியவில்லை. பிறகு அந்த வெளிச்சத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக நகர்த்தினார். என் மகளின் தலை வெளிச்சத்தோடு கொஞ்சம் அசைந்தது. “நல்லது, வெளிச்சம் தெரிகிறது. கண் இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லை” என்றார்.

கண் ஆடுவதா என்று கேட்டேன். புரையோடு பிறந்த பிள்ளைக்கு மூன்று மாதம் வாக்கில் கருவிழி நிலைக்காமல் தன்னால் துடிக்க ஆரம்பிக்கும், அது வந்துவிட்டால் பிறகு பார்வை அவ்வளவு நன்றாக வராது என்றார். “யார் கண்டுபிடித்தது? எப்படி?” என்றார். நான் வளையல் கதையைச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி மதினியைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மாமனார் வந்து சேர்ந்தார். நடவில் யாரோ சொல்லிவிட்டார்கள் போல. வேறு யாருடைய வண்டியிலோ ஏறி, கால் சேறு கூடக் காயாமல், கோபத்தில் மீசை துடிக்க வந்தார். டாக்டரைக் கண்டதும் கோபத்தை விழுங்கிக்கொண்டு கும்பிட்டார். “ஐயா, நீங்களே சொல்லுங்க. முத்தாம எடுக்கலாமா? எனக்கு நீங்கதான சொன்னீய?”

“உங்களுக்குக் காத்திருக்கச் சொன்னதும் நான்தான். இந்தப் பிள்ளைக்குக் காத்திருக்கக் கூடாது என்று சொல்கிறதும் நான்தான்” என்றார் டாக்டர். “உங்கள் கண் பார்க்கப் படித்து முடித்த கண். திரை விழுந்தது, திரையை எடுத்தேன், பழையபடி பார்த்தீர்கள். பார்ப்பதைக் கண் மட்டும் செய்யவில்லை, மூளையும் சேர்ந்து படிக்க வேண்டும். அந்தப் படிப்புக்கு ஒரு பருவம் இருக்கிறது, அது இந்தச் சில மாதங்கள்தான். இப்போது விட்டுவிட்டு ஐந்து வயதில் கண்ணைச் சுத்தம் செய்து கொடுத்தால், கண்ணாடி மாதிரிக் கண் இருக்கும், பார்வை இருக்காது.”

மாமனார் மகளைப் பார்த்தார். “நாத்து முத்துனா நடவுக்கு ஆகாதுன்னு சொன்னா” என்றார் மெதுவாக.

“உங்கள் மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்” என்றார் டாக்டர். பிறகு எங்களிடம், “என் லீவு முடியப் பத்து நாள். பத்து நாளில் ஒன்றும் குடி முழுகாது, ஆறு மாதம் என்றால்தான் போச்சு. அதுவரை பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு அருவிக்குப் போனார். அந்தப் பத்து நாளும் சாரல் விடவே இல்லை. அடுப்படிச் சூட்டிலேயே மதினி பிள்ளையை வைத்திருந்தாள், தலைக்குத் தண்ணீர் காட்டவில்லை, தும்மின யாரையும் அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. மாமனார் இரும வேண்டுமென்றால் தெருவுக்குப் போய் இருமிவிட்டு வந்தார்.

ஆடியில் ரயிலேறித் திருநெல்வேலி போனோம். கத்தி என்று நான் பயந்துகொண்டிருந்தேன். மெல்லிய ஊசிதான். பெரியவர்களின் புரை கெட்டியாக இருக்கும், அப்படியே வெளியே எடுக்க வேண்டும். பிள்ளைகளுடையது மெத்தென்று இருக்கும், ஊசியால் அதன் உறையைக் கீறிவிட்டால் போதும், கண்ணில் ஊறும் நீரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் என்று டாக்டர் சொன்னார். முதலில் ஒரு கண். மூன்று வாரம் கழித்து மற்றது. கண்ணைத் தேய்க்காமல் இருக்க என் மகளின் இரண்டு முழங்கையிலும் அட்டையை வைத்துக் கட்டியிருந்தார்கள். அவள் வீறிட்டு அழுதபோது நானும் அழுதேன். மதினி அழவில்லை. மூன்று வேளையும் சொட்டு மருந்து விடுவதை நர்ஸம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள்.

அதே வார்டில் கடையத்துக்காரி ஒருத்தி ஏழு வயது மகனோடு இருந்தாள். அவனுக்கும் பிறவிப் புரை. ஆறு வயதில்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். நாலு தடவை ஊசி போட்டுக் கண் இரண்டும் கறுகறுவென்று சுத்தமாகிவிட்டது, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் விழி ஒரு நொடி நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்வான். அம்மா முகம் எது, சுவர் எது என்று கையால் தடவித்தான் சொல்வான். “பெரியவனானதும் பாத்துக்கலாம்னு எல்லாருஞ் சொன்னாங்க தாயி” என்று அவள் என்னிடம் சொன்னாள். மதினி மட்டும் அந்தப் படிக்கட்டில் போய் நின்றிருக்காவிட்டால் அடுத்த வருஷம் அந்தக் கட்டிலில் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

கட்டு அவிழ்த்ததும் பிள்ளை எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கட்டை அவிழ்த்தபோது கண் முன்னைவிட வெள்ளையாக இருந்தது, உள்ளே பஞ்சு மிதப்பது போல. வாரக் கணக்கில்தான் அது கரைந்து நடுவில் கறுப்புத் தெரிந்தது. அப்போதும் மங்கலாகத்தான் தெரியும், கண்ணுக்குள் இயற்கையாக இருந்த கண்ணாடி புரையோடு கரைந்துபோய்விட்டதால் வெளியே ஒன்று போட வேண்டும் என்றார் டாக்டர். ஒன்றரை வயதில் தடித்த கண்ணாடி ஒன்றை நாடா போட்டுத் தலையில் கட்டிவிட்டோம். இன்றைக்கும் அவள் புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறாள், களைத்துப்போனால் விழி இலேசாக ஆடும். ஆனால் படிக்கிறாள். தையல் ஊசியில் நூல் கோக்கிறாள். நான் சேலையை எந்த முகத்தோடு மடிக்கிறேன் என்று பார்த்து என் கோபத்தைச் சொல்லிவிடுகிறாள்.

நான் சொல்ல வந்தது, கண்ணாடி போடுவதற்கெல்லாம் முந்தி, அதே வருஷம் புரட்டாசியில் ஒரு காலை நேரம். கார் நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது, மற்ற எல்லாரும் வயலில். அறையில் நானும் பிள்ளையும் மட்டும். அவள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குடிப்பதை நிறுத்தினாள். தலையைத் திருப்பினாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவள் திரும்பின பக்கம் நானும் திரும்பினேன்.

இருட்டுக் கூடத்து வாசலில் மதினி நின்றிருந்தாள். எப்போதும் போலச் சத்தமில்லாமல் வந்திருக்கிறாள். கண்ணாடி இல்லாத அந்த மங்கல் கண்ணுக்கு என் கத்தரிப்பூ நிறச் சேலையும் சுவரும் கதவும் எல்லாம் ஒரே இருட்டாகத் தெரிந்திருக்கும். அந்த இருட்டில் அவளுடைய வெள்ளைச் சேலை ஒன்றுதான் தனியாகத் தெரிந்திருக்கிறது. எந்தச் சேலையைப் பார்த்தால் ஆகாது என்று ஊரே முகத்தைத் திருப்பியதோ, அதைத்தான் என் மகள் முதன்முதலாகப் பார்த்தாள்.

வளையல் சிணுங்காமல் இருக்கக் கையைத் தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் வாருங்கள் என்று கண்ணாலேயே காட்டினேன். மதினி சுவரோரமாக நடந்தாள். பிள்ளையின் முகம் அவளோடு நகர்ந்தது. நின்றாள், நின்றது. திரும்பி நடந்தாள், கூடவே திரும்பியது. மூன்றாவது தடவை நடந்தபோது என் மகள் பல்லில்லாத வாயை முழுக்கத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

மதினி அப்படியே சுவரில் சாய்ந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது, உடம்பு குலுங்குகிறது, ஆனால் மூச்சு விடுகிற சத்தம் கூடக் கேட்கவில்லை. நான்தான் முதலில் வாய்விட்டு அழுதேன். “மதினி, அழுங்க மதினி, எதுக்கு அடக்குதீய?” என்றேன்.

அவள் முந்தானையை எடுக்காமலே தலையை ஆட்டினாள். வெகுநேரம் கழித்து, பிள்ளை தூங்கின பிறகுதான் பதில் சொன்னாள்.

“என் சத்தத்தக் கேட்டுத்தான் திரும்புனாள்னு ஆயிரக் கூடாதுல்லா, ஏட்டி.”